கேம் திணறுதா? கோரா, கிளாக்கா, கேஷான்னு குறைச்சுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

ப்ராசசர் மாத்தணும்னு நினைக்கிற பலபேரு முதல்ல கேக்குறது "எத்தனை கோர்?", அடுத்து "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?", ப்ராசசருக்குள்ளயே இருக்கிற சின்ன வேகமான மெமரியான கேஷ் எவ்வளவுன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா இந்த மூணுல எது முக்கியம்ங்கறது நீங்க என்ன கேம் ஆடுறீங்கங்கறதைப் பொறுத்து தலைகீழா மாறும். 16 கோர் வாங்கிட்டு ஃபேக்டரி கேம்ல ஒரு மாற்றமும் இல்லாம உக்காந்திருக்கிறவங்களையும் பார்த்திருக்கேன், பெரிய கேஷ் உள்ள ப்ராசசர் வாங்கி பழைய ஷூட்டர்ல எஃப்பிஎஸ் ஏறலைன்னு வருத்தப்பட்டவங்களையும் பார்த்திருக்கேன். ரெண்டு பேருமே நல்ல பொருள்தான் வாங்கியிருக்காங்க, ஆனா அவங்க கேம் கேட்டது வேற.

புது ப்ராசசரை வாங்காம டெஸ்ட் பண்ண முடியாதுதான். ஆனா கையில இருக்கிறதுல இருந்து ஒவ்வொண்ணா குறைச்சுப் பார்க்கலாம். கோரைக் குறைச்சா கேம் அடி வாங்குதா? அப்ப கோர் அதுக்குத் தேவை. கிளாக்கைக் குறைச்சா அதே அளவுக்கு மெதுவாகுதா? அப்ப கிளாக்தான். ரெண்டுக்கும் பெருசா அசையலை, ஆனா ரேமை மெதுவாக்கினா அடி வாங்குதுன்னா அது மெமரிக்காகக் காத்துக் கிடக்குது, அங்கதான் கேஷ் உதவும். கீழ வர்ற எல்லாமே இந்த ஒரு யோசனையை வச்சுத்தான், அறிகுறி அறிகுறியா போறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி: இது ப்ராசசர் பிரச்சனைதானா?

திணறுற அதே இடத்துல நின்னுக்கிட்டு ரெசல்யூஷனை நல்லா இறக்குங்க, 1440-ல ஆடினா 720-க்குக் கொண்டு வாங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா அது கிராபிக்ஸ் கார்டு பிரச்சனை, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல. ஏறவே இல்ல, 90 இருந்தது 92 ஆச்சு, அவ்வளவுதான்னா ப்ராசசர் பக்கம்தான் தடை. இதைப் பார்க்கும்போது விசின்க்கையும் எஃப்பிஎஸ் லிமிட்டையும் அணைச்சிடுங்க. 60-ல லிமிட் போட்டு வச்சுட்டு "என்ன பண்ணாலும் 60 தாண்டல"ன்னு சொல்றவங்க நிறைய.

இன்னொண்ணு, எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ப்ராசசர் தன்னோட முழு கிளாக்ல ஓடுதான்னு HWiNFO மாதிரி ஒரு டூல்ல கேம் ஓடும்போதே பாருங்க. 4.2 ஓடவேண்டியது சூட்டுனால 3 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னா முதல்ல கூலரை கவனிங்க. அதேமாதிரி ரெண்டு ரேம் குச்சி இருக்கா, பயாஸ்ல ரேமை அதோட முழு வேகத்துல ஓடவைக்கிற எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கா, பார்த்துக்கோங்க. 3200 ரேம் வாங்கி எக்ஸ்எம்பி ஆன் பண்ணாம 2133-லயோ 2400-லயோ ஓட்டிக்கிட்டு ப்ராசசரைத் திட்டுறதுல நியாயமே இல்ல.

அறிகுறி: ஷூட்டர்ல எஃப்பிஎஸ் ஒரு இடத்துக்கு மேல ஏற மாட்டேங்குது, ஆனா டாஸ்க் மேனேஜர்ல சிபியு 25 சதவீதம்தான் காட்டுது

நிறைய பேரு ஏமாறுறது இந்த இடத்துலதான். "சிபியு சும்மாதானே இருக்கு, 25 சதவீதம்தானே, அப்ப எப்படி சிபியு தடையா இருக்கும்?"னு கேப்பாங்க. அந்த சதவீதம் எல்லா த்ரெட்டுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. 8 கோர் 16 த்ரெட் ப்ராசசர்ல ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்குல அது 6.25 சதவீதம்தான். கோர் கோரா பிரிச்சுப் பார்த்தாலும் எதுவும் 100 காட்டாம இருக்கலாம், ஏன்னா விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரு கோர்ல இருந்து இன்னொரு கோருக்கு மாத்தி மாத்திப் போடும், அதனால ஒவ்வொரு கோர்லயும் கொஞ்சம் கொஞ்சமா வேலை தெரியும்.

ஷூட்டர்ல ஒரு ஃப்ரேம் எப்படி உருவாகுதுன்னு யோசிச்சா இது புரிஞ்சிடும். மவுஸ் அசைவை வாங்கணும், ஆள் எங்க இருக்கான்னு கணக்கு போடணும், குண்டு பட்டுச்சான்னு பார்க்கணும், அப்புறம்தான் எதை வரையணும்னு பட்டியல் போட்டு கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பணும். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது, பெரும்பாலும் ஒரு மெயின் த்ரெட்டும் ஒரு ரெண்டர் த்ரெட்டும்தான் மொத்த பாரத்தையும் தூக்குது. 240 எஃப்பிஎஸ் வேணும்னா இது எல்லாத்தையும் 4.17 மில்லிசெகண்டுக்குள்ள முடிக்கணும். 60-க்கு 16.67 மில்லிசெகண்ட் டைம் இருந்துச்சு, இங்க அதுல கால் பங்குதான். இவ்வளவு குறுகின நேரத்துல வேலையைப் பத்து பேருக்குப் பிரிச்சுக் கொடுத்து திரும்ப வாங்குறதே ஒரு செலவு, அதனால அந்த ஒத்தை ஆள் எவ்வளவு வேகமா ஓடுறாங்கறதுதான் பேச்சு.

சோதிக்கிறது எப்படின்னா, கிளாக்கை வேணும்னே இறக்குங்க. விண்டோஸ் பவர் செட்டிங்ஸ்ல `Maximum processor state`-னு ஒண்ணு இருக்கும், அதை 99 ஆக்கினா பெரும்பாலான டெஸ்க்டாப்ல பூஸ்ட் நின்னு ப்ராசசர் அதோட அடிப்படை கிளாக்குக்கு வந்துடும். சில சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் கண்ணுல படாது, அப்ப கமாண்ட்ல அடிங்க:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 99
powercfg /setactive scheme_current
```

அடிச்சிட்டு கிளாக் நிஜமாவே இறங்குச்சான்னு கண்ணால பாருங்க, இறங்கலைன்னா அப்புறம் எடுக்கிற எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்ல. இப்ப அதே இடம், அதே மேப். கிளாக் 14 சதவீதம் குறைஞ்சு எஃப்பிஎஸ்ஸும் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைஞ்சா உங்க கேம் சுத்தமா கிளாக்கைப் புடிச்சுத் தொங்குது. கிளாக் 14 குறைஞ்சும் எஃப்பிஎஸ் 5 சதவீதம்தான் குறைஞ்சதுன்னா மிச்ச நேரம் ப்ராசசர் கணக்கு போடல, ரேம்ல இருந்து டேட்டா வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம். இன்றைய போட்டி ஷூட்டர்கள்ல ரெண்டும் கலந்துதான் இருக்கும், அதனால இந்த ரகத்துல கிளாக்கும் கேஷும் சேர்ந்து உதவும், கோர் எண்ணிக்கைதான் கடைசி. ஆறு கோரா எட்டு கோரான்னு மண்டையைக் குழப்பிக்க வேண்டாம்.

கிளாக்னு சொல்லும்போது ஒரு விஷயம், ஒரே தலைமுறை ப்ராசசர்களுக்குள்ள மட்டும்தான் கிகாஹெர்ட்ஸை நேரா ஒப்பிடலாம். பத்து வருஷம் பழைய டிசைன்ல 4.5-உம் இன்னைக்கு வர்ற டிசைன்ல 4.5-உம் ஒண்ணு இல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் புதுசு நிறைய வேலை செஞ்சு முடிக்கும்.

அறிகுறி: ஓப்பன் வேர்ல்டு கேம்ல சராசரி எஃப்பிஎஸ் நல்லாருக்கு, ஆனா ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்குது

சராசரி 80 காட்டும், ஆனா வண்டியை வேகமா ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள நுழையும்போது டக்கு டக்குன்னு நிக்கும். இங்க சராசரியைப் பார்த்து ஒண்ணும் ஆகாது, ரொம்ப மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களோட எஃப்பிஎஸ்ஸைச் சொல்ற ஒன் பர்சென்ட் லோ பாருங்க, இல்லன்னா இன்னும் நல்லது PresentMon இல்ல CapFrameX வச்சு ஃப்ரேம் டைம் கோட்டை எடுங்க. கோடு 12 மில்லிசெகண்ட்ல நேரா போயிட்டு இருக்கும்போது நடுவுல 60, 80-னு முள் மாதிரி குத்திட்டு நின்னா அதான் நீங்க உணர்ற வெட்டு.

காரணம் என்னன்னா, இந்த மாதிரி கேம்ல மெயின் த்ரெட்டைத் தாண்டி பக்கத்துல நிறைய வேலை நடக்குது. அடுத்த தெருவோட டேட்டாவை டிஸ்க்ல இருந்து எடுத்து விரிக்கணும், கூட்டத்துல ஒவ்வொரு ஆளுக்கும் அனிமேஷன் ஓட்டணும், ஃபிசிக்ஸ், சவுண்டு, ரே ட்ரேசிங் ஆன் பண்ணியிருந்தா அதுக்கான கட்டமைப்பைத் தயார் பண்ற வேலையும் ப்ராசசர் தலைலதான் கொஞ்சம் விழும். இதெல்லாம் தனித்தனியா பிரிக்கக்கூடிய வேலை. ஆள் பத்தலைன்னா இந்த பக்க வேலையெல்லாம் மெயின் த்ரெட் உக்காந்திருக்கிற கோர்லயே வந்து வரிசைல நிக்கும், மெயின் த்ரெட் ஒரு கணம் தள்ளி நிக்கும், அந்த ஃப்ரேம் லேட். 4 கோர் 4 த்ரெட் ப்ராசசர்களுக்கு வயசானது இப்படித்தான், சராசரி ஓரளவு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஆனா வெட்டு தாங்கல.

இதைச் சோதிக்கிறது ரொம்ப ஈசி. கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜர்ல `Details` போய் கேம் மேல ரைட் கிளிக், `Set affinity`. ஒரு கோருக்கு ரெண்டு த்ரெட் உள்ள ப்ராசசர்ல பெரும்பாலும் CPU 0-உம் CPU 1-உம் ஒரே கோரோட ரெண்டு த்ரெட், அதனால ஜோடி ஜோடியா டிக்கை எடுக்கணும். ஆறு கோர்ல ரெண்டு கோரை எடுத்துட்டு அதே சாலைல அதே வண்டியை ஓட்டுங்க. முள்ளு இன்னும் நிறைய வந்துச்சுன்னா இந்த கேம் கோரைத் தின்னுது, எட்டு கோர் வாங்கினா பலன் இருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு கோரை எடுத்தும் ஒண்ணும் மாறலையா, அப்ப மேல ரெண்டு கோர் சேர்த்தாலும் ஒண்ணும் மாறப் போறதில்ல, காசை வேஸ்ட் பண்ணாதீங்க. ஆன்டி-சீட் உள்ள ஆன்லைன் கேம்ல இந்த மாத்தத்தை விடாது, `Access is denied`-னு வரும், அங்க பயாஸ்ல கோரை அணைச்சுத்தான் பார்க்கணும், ஆன்டி-சீட்டை ஏமாத்த எதையும் முயற்சி பண்ணாதீங்க.

ஆனா எல்லா வெட்டும் கோர் பத்தாததால வர்றது இல்ல. ஒரு எஃபெக்ட்டை முதல் தடவை பார்க்கும்போது மட்டும் நின்னு, அதே இடத்துக்குத் திரும்பிப் போனா நிக்கலைன்னா அது ஷேடர் கம்பைல் ஆகுறது, அதாவது அந்த எஃபெக்ட்டை வரையுற ப்ரோக்ராமை கிராபிக்ஸ் கார்டுக்காக அப்பத்தான் தயார் பண்ணுது. ப்ராசசர் மாத்தினா அந்த நிறுத்தம் குறுகலாம், போகாது, அது கேம் செஞ்சவங்க சரி பண்ண வேண்டியது. எத்தனை தடவை போனாலும் அதே எல்லைக்கோட்டைத் தாண்டும்போது நிக்குதுன்னா டேட்டா லோடிங், அங்க கோர் சோதனை செஞ்சு பார்க்கிறதுல அர்த்தம் இருக்கு. கூடவே பின்னாடி என்ன ஓடுதுன்னும் பாருங்க, கேம் ஆடிக்கிட்டே ப்ராசசர்லயே வீடியோ என்கோடு பண்ணி ஸ்ட்ரீம் விடுறவங்களுக்கு கோர் எண்ணிக்கை நிஜமாவே வேற கதை.

அறிகுறி: ஃபேக்டரி கேம், சிமுலேஷன் கேம் ஆரம்பத்துல பறக்குது, பெருசாக பெருசாக ஊருது

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இது, ரொம்ப தப்பா புரிஞ்சுக்கப்படுற இடமும் இதான். அதனால ஒரு கேஸை முழுசா போட்டுக் காட்டுறேன்.

ஃபேக்டோரியோ எடுத்துக்குவோம். அது செகண்டுக்கு 60 அப்டேட் செய்ய முயற்சிக்கும், அதாவது உலகம் முழுக்க உள்ள ஒவ்வொரு இயந்திரம், பெல்ட், ரோபோ எல்லாத்தையும் 16.67 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு தடவை சுத்திப் பார்த்து முடிக்கணும். முடியலைன்னா படம் வெட்டாது, காலமே மெதுவாகும். ரயில் மெதுவா போகும், எல்லாமே தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும். சில வேலைகளைப் பிரிச்சு ஓட்டினாலும் பெரும்பகுதி வரிசையாத்தான் போகணும், ஏன்னா இந்த இன்சர்ட்டர் எடுத்த பொருளைப் பொறுத்துத்தான் அடுத்த இயந்திரம் ஓடும், முன்னாடி பின்னாடி மாறினா மல்டிபிளேயர்ல ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு உலகம் ஆயிடும்.

இதுல ஒவ்வொரு இயந்திரத்துக்கும் போடுற கணக்கு துளியூண்டு. கஷ்டம் எங்கன்னா லட்சக்கணக்கான இயந்திரங்களோட டேட்டா ரேம் முழுக்க சிதறிக் கிடக்குது, ஒவ்வொண்ணா தொட்டு எடுக்கணும். ப்ராசசர் உள்ள இருக்கிற எல்3 கேஷ்ல டேட்டா இருந்தா ஏறக்குறைய 10 நானோசெகண்ட்ல கையில வந்துடும். இல்லாம ரேமுக்குப் போனா 70, 80 நானோசெகண்ட். 80 நானோசெகண்ட்னா சின்னதா தெரியும், ஆனா 4.2 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது 336 துடிப்பு. ஒரு சின்னக் கூட்டல் போடுறதுக்கு 336 துடிப்பு கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. மேஜை மேல கருவி இருந்தா எடுத்து வேலை முடிச்சிடலாம், குடோனுக்குப் போய் எடுத்து வரணும்னா வேலைக்காரன் எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தாலும் குடோன் தூரம் குறையாது இல்லையா, கேஷ்ங்கறது அந்த மேஜையோட அளவு.

இப்ப கேஸ். ரைசன் 5 5500-னு வச்சுக்குவோம், 6 கோர், 4.2 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட், எல்3 கேஷ் 16 எம்பி. பெரிய ஃபேக்டரி, 45 அப்டேட்தான் வருது. ஆள் நேரா 16 கோர் ரைசன் 9 5950X பக்கம் பார்க்கிறாரு. வாங்கறதுக்கு முன்னாடி குறைச்சுப் பார்ப்போம். கீழ வர்ற மில்லிசெகண்ட் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் வச்ச உதாரண எண்கள், உங்க சேவ்ல வேற வரும்.

முதல்ல கேமுக்குள்ள F4 அழுத்தி `show-time-usage` டிக் பண்ணினா ஒரு அப்டேட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு திரையிலயே வரும். 22 காட்டுதுன்னு வைங்க, 1000-ஐ 22-ஆல வகுத்தா 45, சரியா ஒத்துப்போகுது. இப்ப மேல சொன்ன மாதிரி ஆறு கோர்ல மூணை எடுத்துடுங்க. 22.3 ஆச்சு. பாதிக் கோரைப் புடுங்கியும் அசையல, அப்ப கோரை 16 ஆக்கினாலும் அசையாது. பாதிக் கேள்விக்கு இங்கயே பதில் கிடைச்சிடுச்சு.

அடுத்து கிளாக். டிக்கையெல்லாம் திரும்பப் போட்டுட்டு கேமை மூடி, அதே சேவை கமாண்ட் லைன்ல பெஞ்ச்மார்க் ஓட்டுங்க, படம் வரையாம அப்டேட்டை மட்டும் 1000 தடவை ஓட்டி சராசரி சொல்லும்:

```
factorio.exe --benchmark C:\saves\mybase.zip --benchmark-ticks 1000
```

முழு கிளாக்ல 22.0. அப்புறம் பவர் செட்டிங்கை 99 ஆக்கி 3.6 கிகாஹெர்ட்ஸ்க்கு இறக்கி ஓட்டினா 23.4. மொத்தமும் கணக்கு போடுற வேலையா இருந்திருந்தா 22-ஐ 4.2-ஆல பெருக்கி 3.6-ஆல வகுத்து 25.7 வந்திருக்கணும், அதாவது 3.7 கூடியிருக்கணும். கூடினது 1.4 மட்டும்தான். 1.4-ஐ 3.67-ஆல வகுத்தா 0.38. அப்ப 22 மில்லிசெகண்ட்ல சுமார் 8.4 மட்டும்தான் கிளாக்குக்குக் கட்டுப்பட்ட வேலை, மிச்சம் 13.6 ரேமுக்காக நின்ன நேரம். இது தோராயம்தான், ப்ராசசர் காத்திருக்கும்போதே கொஞ்சம் முன்கூட்டி வேலை பார்த்துக்கும், ஆனா முடிவெடுக்க இது போதும்.

இந்த ரெண்டு எண்ணை வச்சு கடைல இருக்கிறதைப் பாருங்க. 5950X பூஸ்ட் 4.9 கிகாஹெர்ட்ஸ். 8.4 குறைஞ்சு 7.2 ஆகும், காத்திருப்பு அப்படியே இருந்தா 20.8, அதாவது 48 அப்டேட். 16 கோருக்குக் காசு கொடுத்து மூணு அப்டேட். சரி, அதுல கேஷ் 64 எம்பி போட்டிருக்கே, அது உதவாதான்னு கேப்பீங்க. அது ரெண்டு சில்லுல 32, 32-ஆ இருக்கு, ஒரு கோர் தன் பக்கத்து 32-ஐத்தான் தன்னோட கேஷா நிரப்பிக்கும். மெயின் த்ரெட்டுக்குக் கிடைக்கிறது 32 எம்பிதான், அதே 32 எம்பி 6 கோர் ரைசன் 5 5600-லயும் இருக்கு. டப்பால போட்ட மொத்த கேஷைப் பார்த்து வாங்கக்கூடாதுன்னு நான் அழுத்திச் சொல்றது இதனாலதான், ஒரு கோருக்கு எட்டுறது எவ்வளவுங்கறதுதான் கேள்வி.

ரைசன் 7 5800X3D-ஐப் பாருங்க. 2022-ல வந்தது, எட்டு கோர், பூஸ்ட் 4.5 தான், அதுக்கு அண்ணன் மாதிரி முன்னாடி வந்த 5800X 4.7 ஓடும். கிளாக் குறைவு. ஆனா மேல ஒரு கேஷ் அடுக்கை ஒட்டி 32-ஐ 96 எம்பி ஆக்கியிருக்காங்க, அந்த 96-உம் எட்டு கோருக்கும் எட்டும். 8.4 இதுல 7.8 ஆகும், 60 அப்டேட்டுக்கு மொத்தம் 16.67 வேணும், அப்ப காத்திருப்பு 13.6-ல இருந்து 8.8-க்கு வந்தா போதும். மேஜை ஆறு மடங்கு பெருசாகும்போது குடோன் நடை மூணுல ஒரு பங்கு குறையறது எட்டக்கூடியதுதான்.

எட்டுமான்னு இன்னொரு சின்ன சோதனைல துப்பு கிடைக்கும். பயாஸ்ல எக்ஸ்எம்பியை அணைச்சு ரேமை மெதுவாக்கி அதே பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்க. 22 இருந்தது 26, 27-னு எகிறினா காத்திருப்பு மெமரிக்காகத்தான்னு உறுதி. முடிஞ்சதும் எக்ஸ்எம்பியை மறக்காம ஆன் பண்ணிடுங்க.

ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடணும். ஃபேக்டரி ரொம்ப ரொம்ப பெருசாயிடுச்சுன்னா ஒவ்வொரு அப்டேட்லயும் தொடுற டேட்டா 96 எம்பியையும் தாண்டி வழியும், அப்ப பெரிய கேஷோட ஆதாயம் குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால யாரோ நடுத்தர சைஸ் மேப்ல எடுத்த பெஞ்ச்மார்க் எண்ணைப் பார்த்து உங்க ராட்சச மேப்லயும் அதே வித்தியாசம் வரும்னு நம்பிடாதீங்க, உங்க சேவ்தான் உங்களுக்கு அளவுகோல்.

சிமுலேஷன்னாலே கேஷ்தான்னும் முடிவு கட்டிடாதீங்க. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, 2023-ல வந்தது, அதுவும் ஊர் பெருசானா காலம் மெதுவாகுற கேம்தான், அறிகுறி அச்சு அசலா இதேதான். ஆனா அதோட சிமுலேஷனை ஆரம்பத்துல இருந்தே நிறைய கோருக்குப் பிரிச்சுப் போடுற மாதிரி கட்டியிருக்காங்க. அதுல கோர் டிக்கை எடுத்துப் பார்த்தீங்கன்னா பெரிய ஊர்ல வேகம் இறங்குறது தெரியும். ரகத்தோட பேரை வச்சு முடிவு பண்ணாம உங்க கேம்ல குறைச்சுப் பாருங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

அறிகுறி: டர்ன் முறை கேம்ல எஃப்பிஎஸ் பிரச்சனை இல்ல, ஆனா எதிராளியோட டர்ன் முடிய யுகம் ஆகுது

இங்க எஃப்பிஎஸ் மீட்டரை அணைச்சுட்டு ஸ்டாப்வாட்ச் எடுங்க. சிவிலைசேஷன் 6-ல இதுக்குன்னே ஏஐ டர்ன் நேரத்தை அளக்குற பெஞ்ச்மார்க் உள்ளயே இருக்கு, மத்த கேம்ல ஒரே சேவை லோடு பண்ணி ஒரே டர்னை மூணு தடவை அளந்தா போதும். சோதனை மேல சொன்ன அதேதான்.

அறிகுறி: பெரிய கேஷ் ப்ராசசர் வாங்கியாச்சு, வித்தியாசமே தெரியல

பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு தடையா இருக்கும், முதல்ல சொன்ன ரெசல்யூஷன் சோதனைக்குத் திரும்பிப் போங்க. அது இல்லன்னா நீங்க ஆடுற கேமுக்கு அடிக்கடி வேண்டிய டேட்டா பழைய ப்ராசசரோட 32 எம்பியிலயே அடங்கியிருக்கும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் மாதிரி பழைய, சின்ன கேம்கள்ல 5800X3D-க்கு 5800X மேல சொல்லிக்கிற ஆதாயம் இருக்கல, காரணம் இதான். மேஜைலயே எல்லாம் இருக்கும்போது மேஜையைப் பெருசாக்கி என்ன ஆகப் போகுது, கிளாக் கொஞ்சம் குறைஞ்சது மட்டும்தான் மிச்சம்.

ரெண்டு சில்லு உள்ள 7950X3D மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதுல ஒரு சில்லுல 96 எம்பி, இன்னொண்ணுல 32 எம்பிதான், மொத்தம் 128-னு எழுதியிருப்பாங்க. கேம் தப்பான சில்லுல போய் உக்காந்தா நீங்க காசு கொடுத்த கேஷே அதுக்கு எட்டாது. சிப்செட் டிரைவரும் விண்டோஸோட கேம் பாரும் சேர்ந்துதான் கேமை சரியான பக்கம் தள்ளுது, அதனால பழைய விண்டோஸ் மேல அப்படியே புது ப்ராசசரைப் போட்டிருந்தா டிரைவரை புதுசா போடுங்க, கேம் பார்ல அந்தப் ப்ரோக்ராமை கேம்னு நினைவு வச்சுக்கச் சொல்லி டிக் பண்ணுங்க. தள்ளுதா இல்லையான்னு பார்க்கணும்னா `Set affinity`-ல ஒரு தடவை முதல் பாதி த்ரெட்டுகளை மட்டும், இன்னொரு தடவை ரெண்டாவது பாதியை மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்க. எந்தப் பாதில கேம் வேகமா இருக்கோ அந்த எண்ணும், ஒண்ணும் தொடாம விட்டப்ப வர்ற எண்ணும் ஒண்ணா இருந்தா எல்லாம் சரியா இருக்கு. தொடாதப்ப குறைவா வந்தா டிரைவர் வேலை செய்யல.

சோதனை எல்லாம் முடிஞ்சதும் கோர் டிக் பத்திக் கவலை வேண்டாம், கேமை மூடினா அது தானா பழையபடி ஆயிடும். பவர் செட்டிங் அப்படி இல்ல, நீங்க மாத்துற வரைக்கும் 99-லயே நிக்கும், ரெண்டு வாரம் கழிச்சு எல்லா கேமும் ஏன் மந்தமாச்சுன்னு தேட வேண்டி வரும். அதனால இதை இப்பவே அடிச்சிடுங்க:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 100
powercfg /setactive scheme_current
```